மொட்டைமாடி வானவில்

வீடு விற்கிறவர்களுக்கு வானம் மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. கட்டடக் கம்பெனிகள் தங்கள் அடுக்குமாடிகளைப் படமெடுத்து அனுப்புவார்கள். ஹைதராபாத் வானம் பாதி நாள் தூசி நிறத்தில் இருக்கும். அதை வெட்டியெடுத்துவிட்டு நீல வானத்தை வைப்பேன். சில கம்பெனிகளுக்கு மாலைச் சிவப்பு வேண்டும். ஒரு முறை ஒருவர் வானவில் கேட்டார். அதற்கென்று மென்பொருளிலேயே ஆயத்த வானவில் உண்டு. எடுத்து வைத்து, கொஞ்சம் மங்கலாக்கி, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்றெல்லாம் அவர் கேட்கவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை.

அதனால் அக்கா போன் செய்து, "ஏட்டி, ஒரு படத்துல வானவில் போடணும், உனக்கு ஒண்ணும் பெரிய வேலை இல்லல்லா?" என்று கேட்டபோது, இல்லை என்றேன்.

அக்கா வீடு மல்காஜ்கிரியில். கல்யாணமாகி வந்த புதிதில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பிறகு கடன் வாங்கி இந்த ஃபிளாட்டுக்கு மாறினார்கள். அத்தானுக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. அந்த மாதக் கடைசியில் ஓய்வு. ஓய்வுபெறுகிற நாளில் வீட்டில் சாப்பாடு போட்டு, சொந்தக்காரர்களை அழைத்து, பெரிதாக ஒரு படம் பிரேம் செய்து கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். எந்தப் படம் என்று கேட்கவே தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் வானவில் என்றால் ஒரே ஒரு படம்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு தசரா விடுமுறைக்கு அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். அம்மா அதற்கு முன்பே தவறிவிட்டாள். ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் விட்டதும் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். அங்கே வானவில். அப்பாதான் முதலில் பார்த்தார். அந்த நேரம் கடைசியாக ஏறிவந்த அத்தான் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அப்பா, அக்கா, அப்போது ஏழாம் வகுப்பு படித்த அக்கா மகள், நான். எடுத்து முடித்ததும் அத்தானுக்கு டியூட்டி அழைப்பு வந்தது. எங்கேயோ சிக்னல் வேலை செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அடுத்த வருஷம் அப்பா இறந்துபோனார்.

இந்தக் கதையை அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "எங்க தலைக்கு மேல, இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் வானவில்லு. அதுக்கு முன்னாடி நிக்கோம். உங்க அத்தான் போட்டோ எடுக்காவ. டியூட்டி முடிஞ்சு வந்து, 'வானவில்லா, நான் பாக்கலையே'ங்காவ!" இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். படத்திலும் வானவில் இல்லை. போன் கேமராவில் விழவில்லை என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். அத்தான் ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொல்வார். "நான் பாக்கலை. பாத்திருந்தா பாத்தேம்பேன்." கறிவேப்பிலை வாங்க மறந்தாலும், மகளுக்குக் காய்ச்சல் என்று கவனிக்காவிட்டாலும், அக்கா வானவில்லைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வாள். கண்ணெதிரே வானவில் நின்றாலும் பார்க்காத மனுஷன்.

"வானவில்லோட போட்டுக் குடுத்தா, இப்பமாவது பாக்கட்டும்" என்றாள் அக்கா. அதில் கிண்டல் கொஞ்சம், பாசம் கொஞ்சம்.

எங்களிடம் இருந்ததெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வந்து வந்து தேய்ந்துபோன பிரதி. பெரிதாக அச்சடித்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அசல் எங்கே என்று கேட்டேன். அக்கா மகள் பீரோவிலிருந்து அத்தானின் பழைய போனைத் தேடியெடுத்து, சார்ஜ் ஏற்றி, படத்தை எனக்கு அனுப்பினாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள், பதிலில் ஹிந்தியும் தெலுங்கும் கலந்து வரும்.

லோத்குண்டாவில் என் வீட்டில் உட்கார்ந்து முதல் முறையாக அந்தப் படத்தை முழு அளவில் திறந்தேன். நல்ல புயல் வானம். மேலே முழுக்கக் கறுத்த மேகம், கீழே அடிவானத்தில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. நாங்கள் நான்கு பேரும் ஈரத் தரையில் நிற்கிறோம். முகமெல்லாம் இருட்டு.

வேலையை ஆரம்பித்தேன். வானவில்லைத் தனி அடுக்காக வைத்து, ஒளியோடு ஒளி சேருகிற மாதிரி கலக்க வேண்டும். ஏனென்றால் வானவில் வானத்தை மறைப்பதில்லை, அதன் மேல் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். சிவப்பு வெளியே, ஊதா உள்ளே. நிறத்தைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும். ஆயத்தமாக வருகிற வானவில் எல்லாமே மிட்டாய் நிறம். ஓரங்களை மென்மையாக்கி, படத்தில் இருக்கிற பொடிப் புள்ளிகளை அதன் மேலும் தூவ வேண்டும். இல்லாவிட்டால் வழுவழுவென்று தனியாகத் தெரியும். தலைகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் பின்னால் போகும்படி வெட்டினேன். எல்லாம் செய்துவிட்டு அக்காவுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"என்னக்கா, இழுக்க?"

"என்னமோ ஸ்டூடியோல துணி கட்டி எடுத்த மாதிரி இருக்கு. எனக்குச் சொல்லத் தெரியலட்டி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறத்தை இன்னும் குறைத்தேன். வளைவைப் பெரிதாக்கினேன். ஒரு பக்கத்தை மேகத்துக்குள் கரையவிட்டேன். எதுவும் உதவவில்லை. இரண்டு மூன்று நாள் அதையே திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளிடம் காட்டியபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள். "ரெயின்போ நக்கோ சித்தி. மின்னல் போடுங்க. கூல் லகேகா." வானவில் வேண்டாம், மின்னல் என்றால் ஜோராக இருக்கும் என்கிறாள்.

அதையும் செய்து பார்த்தேன். மேகத்தின் அடியிலிருந்து ஒரு கோடு, போகப் போக மெலிந்து, கீழ்நோக்கியே கிளை பிரிகிற மாதிரி. நடுவில் வெள்ளை, ஓரத்தில் லேசாக நீலம். மின்னல் இறங்குகிற இடத்தில் மேகத்தின் அடிவயிறு வெளுக்க வேண்டும், அதையும் வெளுக்கவைத்தேன். ஈரத் தரையில் அதன் பளபளப்பை மங்கலாக ஒரு கீற்று இழுத்தேன். முகங்களைத் தொடவில்லை. அத்தனை தூரத்தில், பகல் வெளிச்சத்தில், முதுகுக்குப் பின்னால் விழுகிற மின்னல் முகத்தை வெளுக்கவைக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், அது நம்பும்படி இருந்தது. உண்மையாகவே அன்று மின்னல் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் பின்னால் இடி விழுந்துகொண்டிருக்க, மொட்டைமாடியில் நான்கு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். பார்க்கப் பைத்தியக்காரக் குடும்பம் மாதிரி இருந்தது. அக்காவுக்கு அனுப்பவே இல்லை.

அப்போதுதான் யோசித்தேன். அதே வானம். அதே கை. மின்னல் ஒட்டுகிறது, வானவில் ஒட்டவில்லை. ஏன்?

தரையைப் பார்த்தேன். ஈரத்தில் எங்கள் நிழல்கள் நீளமாக விழுந்திருந்தன. நான்கும் கேமராவை நோக்கி. தலைமுடி ஓரமெல்லாம் தங்க நிறத்தில் மின்னியது. அப்படியானால் சூரியன் எங்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே அந்தக் கீற்றிலிருந்து வருகிற வெயில். முகம் இருட்டாக இருந்ததும் அதனால்தான்.

வானவில் சூரியன் இருக்கிற பக்கம் வராது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் எதிரே தெரியும். இது பள்ளிக்கூடத்தில் படித்தது. மின்னலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்தத் திசையிலும் விழலாம். நான் வானவில்லை வைத்தது சூரியன் இருக்கிற திசையில். அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் தலைக்குப் பின்னாலிருந்து விழுகிற வெயிலும் பின்னால் நிற்கிற வானவில்லும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் அன்று நாங்கள் பார்த்தது? பார்த்தோம் என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் தலைக்குப் பின்னால், பெரிதாக.

மின்னலையும் வானவில்லையும் நீக்கிவிட்டு, இருட்டாக இருந்த முகங்களை மட்டும் வெளிச்சமாக்கினேன். இருட்டுப் பகுதிகளைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக வரும், ஆனால் கண்கள் தெரியும். அக்கா கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, தூரத்தில் எதையோ பார்க்கிறாள். அவள் மகள் வாயைப் பிளந்துகொண்டு அதே இடத்தைப் பார்க்கிறாள். நானும்தான். அப்பாவின் வலது கை பாதி உயர்ந்திருக்கும். 'சீக்கிரம் எடுங்க மாப்பிள்ளை' என்று சொல்கிறார் என்று அந்தக் கைக்கு நாங்கள் அர்த்தம் வைத்திருந்தோம். பெரிதாக்கிப் பார்த்தால் சுட்டுவிரல் மட்டும் நீண்டிருந்தது. கேமராவைத் தாண்டி மேலே காட்டியது.

வானவில் அத்தானின் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒருவர்தான் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொல்லிச் சொல்லி, வானவில்லை நாங்களே எடுத்து எங்கள் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். போட்டோ என்றால் அழகானது பின்னால்தானே இருக்கும்.

மறுநாள் மல்காஜ்கிரி போய் லேப்டாப்பில் அக்காவிடம் காட்டினேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். நிழலையும் கண்களையும் அப்பாவின் விரலையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஞாபகம் இருக்குட்டி. பின்னாடிதான்."

"எனக்கும்தான் ஞாபகம் இருக்கு. வா, மேல போவோம்."

மொட்டைமாடிக்குப் போனோம். படத்தில் நாங்கள் நின்ற இடத்தில் அவளை நிறுத்தினேன். அவளுக்குப் பின்னால் மேற்கு, செகந்திராபாத் பக்கம். கிழக்குச் சுவரையொட்டித் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் இருப்பதால், அவை படத்தில் விழாமல் இருக்க அத்தான் எங்களை மேற்குப் பக்கம் நிறுத்தியிருக்கிறார். எதிரே, இடது கையோரமாக மௌலாலி குன்று.

அக்கா குன்றைப் பார்த்தாள்.

"அந்தக் குன்றுலேர்ந்துதான் கிளம்பிச்சு" என்றாள். "ஆமாட்டி. அப்பா 'மலையைப் பாருங்க'ன்னாவ." பிறகு, "அப்பம் நான் இத்தனை வருஷமா அவுகளைச் சொல்லிக்கிட்டு இருந்தது?" என்று கேட்டாள். காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இனி அந்தப் படத்தில் வானவில் போட முடியாது. ஆனால் அதற்கு எதிர்ப்படம் ஒன்று எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் அன்று பார்த்தது எதுவோ அது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு அத்தான், அவருக்குப் பின்னால் கறுத்த வானம், அதில் வானவில். அக்கா மகளிடம் சொன்னதும், "ஹவ் சித்தி, ஆமா, அதுதான் கரெக்ட்" என்று குதித்தாள். அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அன்னைக்கு எடுத்த மாதிரி இருக்காதே. இப்பம் தலையெல்லாம் நரைச்சுப் போச்சே." நரையோடு இருக்கட்டும் என்றேன்.

தசரா நேரம்தான், சூரியனும் ஏறக்குறைய அன்று போலவே இறங்கும். கிழக்கே மேகம் கறுத்து மேற்கே வெயில் அடிக்கிற ஒரு சாயங்காலம் வேண்டும். அதற்குச் சில நாள் காத்திருந்தோம். ஒரு நாள் வானம் முழுக்க மூடிக்கொண்டது. ஒரு நாள் முழுக்கத் திறந்துகொண்டது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தான் வீட்டில் இருந்தபோது, நினைத்தது அமைந்தது. மழை எங்கும் இல்லை, அதனால் நிஜ வானவில்லும் இல்லை; கிழக்கே மேகம் மட்டும் கறுத்து நின்றது. அக்கா அவரிடம், பழைய மாதிரியே எங்களை ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி மேலே அழைத்துவந்தாள்.

அவர் அதே இடத்தில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று போனைத் தூக்கினார். நாங்கள் மூன்று பேர் எதிரே நின்றோம். அப்பா நின்ற இடத்தை யாரும் சொல்லாமலே விட்டிருந்தோம். நான் என் கேமராவை அவர் பக்கம் திருப்பினேன்.

"நீ எதுக்கு என்னை எடுக்க?"

"சும்மா அத்தான். நீங்க எடுங்க."

"கொடியில என் பனியன் தொங்குது."

"இருக்கட்டும்."

வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, எங்களைச் சட்டத்துக்குள் சரிசெய்தார். பல படங்கள் எடுத்தேன், அகலமான லென்ஸில். வானவில் நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. சாதாரண லென்ஸில் அதன் ஒரு துண்டுதான் அடங்கும்.

இந்த முறை வேலை சுலபமாக இருந்தது. எங்கே வைப்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. என் நிழல் தரையில் அவர் பக்கமாக நீண்டு விழுந்திருந்தது. அந்த நிழலில் என் தலை எங்கே இருக்கிறதோ அதுதான் வானவில் வட்டத்தின் நடுப்புள்ளி. அங்கிருந்து எந்த வானவில்லும் நிற்கிற நாற்பத்திரண்டு பாகை தள்ளி, லென்ஸின் கணக்குப்படி வளைவைப் போட்டேன். வட்டத்தின் கீழ்ப்பகுதி தரைக்குள் போய்விட, மேலே கிட்டத்தட்ட அரைவட்டம் நின்றது. இடது கால் தானாகவே மௌலாலி குன்றின் பக்கம் போய் விழுந்தது. நான் நகர்த்தவில்லை. அன்று குன்றின் முன்னாலும் மழை பெய்திருக்கும் என்பதால் அங்கே நிறம் குன்றின் மேலும் லேசாகப் படரும்படி விட்டேன், குன்றைக் கொஞ்சம் மங்கலாக்கினேன். தொட்டியும் கொடியும் பனியனும் அத்தானும் அதற்கு முன்னால். மேகம் விலகிய இடத்தில் வளைவு அறுந்து போகும்படி அழித்தேன்.

அக்கா பார்த்துவிட்டு, எந்த அளவில் அச்சடிப்பது என்று கேட்டாள். இதைத்தான் அச்சுக்கு அனுப்பினோம். பழைய படமும் அதே அளவில், வானவில் இல்லாமல். இரண்டும் ஒரே பிரேமில் பக்கத்தில் பக்கத்தில்.

ஓய்வுபெற்ற அன்று அலுவலகத்தில் போட்ட மாலையோடு அத்தான் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு ஆவதற்கு முன் அக்கா பிரேமைக் கொடுத்தாள். அவர் பழைய படத்தை ஒரு பார்வை பார்த்தார். அடுத்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா மகள் விரலால் காட்டிக் காட்டி விளக்கினாள், இது வெயில், இது நிழல், இது தாத்தா கை. தமிழும் ஹிந்தியும் கலந்து வந்தது. வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்போ அண்ணாச்சி மேல தப்பில்லை" என்று யாரோ சொன்னார்கள். அக்கா, "தப்பில்லைதான்" என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

அத்தான் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. யோசித்துவிட்டு, "அப்பம் நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னிருக்கிய" என்றார். "திரும்பிப் பாருங்கன்னு ஒருத்தரும் சொல்லலையே."

சொன்னோமா, சொல்லவில்லையா என்று எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவர் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டு நிறுத்தினார் என்று நினைத்திருப்போம்.

"தாத்தா சொன்னாங்கள்ல டாடி" என்றாள் அவர் மகள். "கை காட்டினாங்க."

"கையைக் காட்டினாவ. சீக்கிரம் எடுக்கச் சொல்லுதாவன்னு நான் வேகமா எடுத்துட்டேன்" என்றார்.

அக்கா உள்ளே போய் இலை போடச் சொன்னாள். பிரேமைச் சோபாவின் மேல் சாய்த்து வைத்தோம். பந்திக்கு எல்லோரும் உட்கார, அத்தான் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் குனிந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வில்லுக்கு உள்பக்கம் வானம் வெளுப்பா இருக்கு, வெளிப்பக்கம் கறுப்பா இருக்கு. துடைக்கும்போது விட்டுட்டியா?"

"இல்ல அத்தான். நிஜ வானவில்லும் அப்படித்தான் இருக்கும். உள்பக்கம் வெளிச்சமா இருக்கும்."

"அப்படியா?" என்றார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு முறை கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.